எச்.எஸ்.என். எண்ணைப் பிடித்து வரிப் பட்டியலைக் கோத்த அனுபவம்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி டெல்லியில் கூடிய 56ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் வரி விகிதங்கள் மாற்றப்பட்டதும், அவை 22.9.2025 முதல் நடைமுறைக்கு வந்ததும் மளிகை வணிகர்கள் யாவரும் அறிந்ததே. நெய், வெண்ணெய் 12லிருந்து 5 ஆயிற்று. பிஸ்கட், சாக்லேட், பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவை 18லிருந்து 5க்கு வந்தன. பொட்டலமிட்ட பன்னீருக்கு இருந்த 5 சதவீதம் அறவே நீங்கியது. இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படித்து மகிழ்ந்துவிட்டுக் கடைக்கு வந்து அமர்ந்தால், அடுத்த கேள்வி எழுந்தது. திண்டுக்கல்லில் உள்ள நமது மொத்தக் கடையின் கம்ப்யூட்டரில் அறுநூற்றுச் சொச்சம் சரக்குகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் எவற்றுக்கு வரி மாறுகிறது, எவற்றுக்கு மாறவில்லை என்று ஒவ்வொன்றாக எப்படிப் பார்ப்பது?

கவுன்சில் வெளியிட்ட பட்டியல் பி.டி.எஃப். வடிவில் இருந்தது. வரிசை எண், எச்.எஸ்.என். எண், சரக்கின் விவரம், பழைய வரி, புதிய வரி என்று ஐந்து பத்திகள். அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அறுநூறு சரக்கையும் திருத்துவது என்றால் நான்கு நாள் வேலை. தூக்கக் கலக்கத்தில் எத்தனை தவறு நேரும் என்பது வேறு. அந்தப் பட்டியலை எக்செல் தாளாக மாற்றி, நமது சரக்குப் பட்டியலோடு எச்.எஸ்.என். எண்ணை வைத்துக் கோத்துவிடலாம் என்று நமது கணக்குப் பையன் சொன்னான். செய்தோம். அதில் நேர்ந்த தவறுகள் உட்பட இங்கே எழுதுகிறோம். வரி மாறுவது இதுவே கடைசி முறை அல்லவே. கம்பெனிக்காரர்கள் அனுப்பும் விலைப்பட்டியலுக்கும் இதே வழிதான்.

வயதில் மூத்த வணிகர்களுக்கு இந்தக் கோக்கும் முறை புதிதல்ல. முன்பு நாள்குறிப்பில் ஒரு பற்றை எழுதினால், பக்கத்தில் சிறிய பத்தியில் பேரேட்டுப் பக்க எண்ணைக் குறிப்போம். அந்த எண்ணைப் பிடித்துப் பேரேட்டைப் புரட்டினால் அந்த ஆளின் கணக்கு வந்து நிற்கும். இரண்டு புத்தகத்துக்கும் பொதுவாக ஓர் எண் இருந்ததால்தான் அது நடந்தது. எக்செல்லில் VLOOKUP என்பது அந்தப் புரட்டும் வேலையைத்தான் செய்கிறது.

நமது சரக்குப் பட்டியலை Stock என்ற தாளிலும், மாற்றிய வரிப் பட்டியலை Rate என்ற தாளிலும் வைத்தோம். Stock தாளில் A பத்தியில் நமது சரக்கு எண், B பத்தியில் பெயர், C பத்தியில் எச்.எஸ்.என். எண். Rate தாளில் A பத்தியில் இருந்த வரிசை எண் நமக்குப் பயன்படாது. மேலும் VLOOKUP தேடும் எண் எப்போதும் அட்டவணையின் முதல் பத்தியில் இருக்க வேண்டும். ஆகவே வரிசை எண்ணை அழித்துவிட்டு, B பத்தியில் இருந்த எச்.எஸ்.என். எண்ணை அங்கே நகல் எடுத்தோம். பிறகு Stock தாளில் இப்படி எழுதினோம்:

```
=VLOOKUP(C2,Rate!$A$2:$E$400,5,FALSE)
```

C2 என்பது நமது சரக்கின் எண். அடுத்தது அந்த எண்ணைத் தேட வேண்டிய இடம். டாலர் குறி இட்டிருப்பது, சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது தேடும் இடமும் கூடவே கீழே நகர்ந்துவிடாமல் இருக்க. 5 என்பது கிடைத்த வரிசையில் ஐந்தாவது பத்தியை, அதாவது புதிய வரியை எடுத்து வா என்பது. FALSE என்பதைப் பற்றிப் பின்னால் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அதில்தான் நாம் காசை விட்டோம்.

முதல் முறை இழுத்துப் பார்த்ததும் நெய்க்கு எதிரே #N/A என்று வந்தது. வெண்ணெய்க்கும் அதுவே. பிஸ்கட்டுக்கு மட்டும் 5 சதவீதம் சரியாக வந்திருந்தது. நெய் பட்டியலில் இல்லாமலா போயிற்று என்று Rate தாளைத் திறந்தால், நெய்யின் வரிசை கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் எண் 405 என்று நின்றது. நமது பட்டியலிலோ 0405. மாற்றும்போது எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்த பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று தள்ளிவிட்டது. மளிகைக்காரனுக்கு இது பெரிய அடி. பால் பொருள் 04, காய் 07, பருப்பு வகை 0713, முந்திரி பாதாம் 08, காபி தேயிலை மிளகு மிளகாய் 09 என்று நமது சரக்கில் பாதி பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. எச்.எஸ்.என். எண் எப்போதும் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று இரட்டைப்படை இலக்கத்தில்தான் இருக்கும். மூன்று இலக்கமோ ஏழு இலக்கமோ தென்பட்டால் பூஜ்யம் தொலைந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று, எக்செல் எழுத்தாக எடுத்துக்கொண்டது கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். எண்ணாக எடுத்துக்கொண்டது வலப்பக்கம் நிற்கும். ஒரே பத்தியில் சில இடமும் சில வலமுமாக நின்றால் அந்தப் பத்தியை நம்பக்கூடாது.

பூஜ்யம் போன நான்கு இலக்க எண்கள் ஒரு பக்கம் இருக்க, எட்டு இலக்க எண்கள் 1905 90 30 என்று நடுவில் இடைவெளியோடு வந்திருந்தன. பி.டி.எஃப்.பிலிருந்து வரும் இடைவெளி சில சமயம் நாம் விசைப்பலகையில் தட்டும் இடைவெளி அல்ல. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் வேறொரு எழுத்து அது. எக்செல்லில் அதன் பெயர் CHAR(160). சாதாரண இடைவெளியை நீக்கிவிட்டு, இன்னும் பொருந்தவில்லையே என்று ஒரு மாலை முழுவதும் நாம் மண்டையை உடைத்துக்கொண்டது இதனால்தான். வேறு சில கட்டங்களில் 0402 91 10, 0402 99 20 என்று இரண்டு எண்கள் ஒன்றாக இருந்தன. அவற்றைக் கையால் இரண்டு வரிசையாகப் பிரித்தோம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பு வரியும் நடுநடுவே வந்து உட்கார்ந்திருந்தது. அதையும் நீக்கினோம்.

பிறகு இரு தாளிலும் எண்ணை ஒரே உருவுக்குக் கொண்டுவந்தோம். நமது பட்டியலில் சில சரக்குக்கு நான்கு இலக்கம், சிலவற்றுக்கு ஆறு அல்லது எட்டு என்று கலந்திருந்தது. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடி வரை நான்கு இலக்கம் போதும், அதற்கு மேல் ஆறு என்பது விதி. கம்பெனி பில்லில் இருந்ததை அப்படியே ஏற்றியதால் வந்த கலப்பு இது. எல்லாவற்றையும் முதல் நான்கு இலக்கத்துக்கு வெட்டினோம். Rate தாளின் A பத்தியில் இருந்த நகலை எடுத்துவிட்டு அங்கே இதை எழுதினோம்:

```
=TEXT(LEFT(SUBSTITUTE(SUBSTITUTE(B2,CHAR(160),"")," ",""),4),"0000")
```

உள்ளிருந்து வெளியே படித்தால், இரண்டு வகை இடைவெளியையும் நீக்கு, முதல் நான்கு இலக்கத்தை எடு, நான்குக்குக் குறைந்தால் முன்னால் பூஜ்யம் சேர் என்பதே இதன் பொருள். Stock தாளின் D பத்தியில், B2க்குப் பதிலாக C2 என்று போட்டு இதையே எழுதினோம். VLOOKUP சூத்திரத்திலும் C2 என்பதை D2 என்று மாற்றினோம். ஒரு எச்சரிக்கை: எட்டு இலக்க எண் ஒன்று ஏற்கெனவே பூஜ்யம் இழந்து ஏழு இலக்கமாக நின்றால் இந்தச் சூத்திரம் 0402 என்பதற்குப் பதிலாக 4029 என்று வெட்டித் தரும். முன் சொன்ன ஒற்றைப்படைச் சோதனையை முதலில் செய்துவிட வேண்டும்.

இப்போது நெய் 5 சதவீதம் என்று வந்தது. மிளகாய்த் தூளுக்கு இன்னும் #N/A. இங்கேதான் நிதானிக்க வேண்டும். கவுன்சில் வெளியிட்டது வரி மாறிய சரக்குகளின் பட்டியல் மட்டுமே. மிளகாய்த் தூளுக்கு வரி மாறவில்லை, ஆகவே அது அதில் இல்லை, ஆகவே #N/A. அது சரியான விடை. சற்று முன் நெய்க்கு வந்ததும் அதே #N/A, அது தவறான விடை. ‘சரக்கு பட்டியலில் இல்லை’ என்பதற்கும் ‘இருந்தும் எண் பொருந்தவில்லை’ என்பதற்கும் கம்ப்யூட்டர் ஒரே குறியைத்தான் காட்டுகிறது. #N/A வந்ததெல்லாம் மாற்றமில்லாதவை என்று நாம் முதல் நாளே முடிவு கட்டியிருந்தால், நெய்யை 12 சதவீதத்திலேயே விற்றுக்கொண்டிருப்போம்.

இரண்டையும் பிரித்தறிய COUNTIF உதவுகிறது.

```
=COUNTIF(Rate!$A$2:$A$400,D2)
```

இந்த எண் அங்கே எத்தனை முறை இருக்கிறது என்று இது சொல்லும். விசேஷம் என்னவென்றால், VLOOKUPக்கு எழுத்தான 0405 வேறு, எண்ணான 405 வேறு. COUNTIF அவ்வளவு கண்டிப்பானதல்ல. அதற்கு இரண்டும் ஒன்றே. ஆகவே VLOOKUP #N/A என்று சொல்லி, COUNTIF 1 என்று சொன்னால், சரக்கு பட்டியலில் இருக்கிறது, எண்ணின் உருவம்தான் வேறு என்று கண்டுகொள்ளலாம். இரண்டுமே இல்லை என்றால் இடைவெளியோ கண்ணுக்குத் தெரியாத வேறு எழுத்தோ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே, மாற்றமில்லாதது என்று எழுத வேண்டும்.

இனி FALSE விவகாரம். 21ஆம் தேதி ஞாயிறு இரவு, சலவைச் சாமான்கள் கொஞ்சம் விடுபட்டிருந்தன. தனியாக ஒரு சிறு தாளில் அவற்றை ஏற்றி, அவசரத்தில் கடைசி FALSEஐ விட்டுவிட்டு, மூன்று பகுதியோடு சூத்திரத்தை மூடியாயிற்று. அப்படி விட்டால் எக்செல் அதே எண்ணைத் தேடாது, தோராயமாகத் தேடும். எண் கிடைக்காவிட்டால் அதற்குக் கீழே மிக நெருங்கிய எண்ணின் விடையைக் கொண்டுவந்து வைத்துவிடும். சோப்புத் தூளின் எண் 3402. அதற்கு வரி மாறவில்லை, 18 சதவீதம்தான், ஆகவே பட்டியலில் இல்லை. வரிசைப்படுத்திய பட்டியலில் அதற்கு முன்னால் நிற்பது 3401, குளியல் சோப்புக் கட்டி. அதற்குப் புதிய வரி 5. எக்செல் அந்த 5ஐச் சோப்புத் தூளுக்கு மாட்டிவிட்டது. #N/A என்று வந்திருந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும். 5% என்று அழகாக வந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை, நத்தம் பக்கத்திலிருந்து வரும் சிறு கடைக்காரர் ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, சோப்புத் தூளுக்கும் குறைச்சுட்டாங்களா? பேப்பர்ல போடலையே?” என்று கேட்டார். அதற்குள் எட்டு பில் போயிருந்தது. இரண்டாயிரம் ரூபாய் சரக்குக்கு 360 ரூபாய் வரி போட வேண்டிய இடத்தில் 100 ரூபாய் போட்டிருந்தோம். பில் ஒன்றுக்கு 260 ரூபாய் குறைவு. வரியைக் குறைத்துப் போட்டால் டெபிட் நோட் போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். எட்டு பேருக்கும் டெபிட் நோட் அனுப்பினோம். ஆறு பேர் கொடுத்தார்கள். இரண்டு பேர் அந்தச் சரக்கை அந்த விலைக்கே விற்று முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அந்த வரியை நாமே ஏற்றுக்கொண்டோம். கணக்குப் பையனையும் கடிந்துகொள்ளவில்லை. அன்றிரவு பதினோரு மணிவரை அவனைக் கடையில் இருத்தி வைத்தது நாம்தான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். பன்னீர் வந்து நின்றது. நமது கடையில் சீஸ், பன்னீர் இரண்டும் குளிர்பெட்டியில் உண்டு. இரண்டுக்கும் எண் 0406. பட்டியலில் 0406 இரண்டு இடத்தில் இருக்கிறது: சீஸ் 12லிருந்து 5, பொட்டலமிட்ட பன்னீர் 5லிருந்து இன்மை. VLOOKUP மேலிருந்து கீழே தேடும். முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அடுத்து ஒன்று இருக்கிறதே என்று சொல்லாது. நமது தாளில் சீஸ் மேலே இருந்ததால் பன்னீருக்கும் 5 சதவீதம் விழுந்தது. 1905 இன்னும் மோசம். பிஸ்கட், கேக், உப்பிட்ட நொறுக்கு வகை, பீட்சா ரொட்டி, சப்பாத்தி என்று ஒரே எண்ணில் ஒரு பேக்கரியே அடங்கியிருக்கிறது. எண்ணை நான்கு இலக்கமாக வெட்டியபோது பொருத்தம் எளிதாயிற்று, ஆனால் ஓர் எண்ணுக்கு ஒரு சரக்கு என்ற நிலை போயிற்று. பேரேட்டில் ஒரே பக்க எண்ணை இரண்டு ஆளுக்குக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே ஆயிற்று.

COUNTIF 2 அல்லது அதற்கு மேல் காட்டிய சரக்குகளை முதலில் மஞ்சள் பூசிப் பிரித்தோம். பிறகு ஒரு யுக்தி தோன்றியது. எண்ணோடு பழைய வரியையும் சேர்த்து ஒரே குறியீடாக்கினால் என்ன? சீஸுக்கு 0406-12, பன்னீருக்கு 0406-5. நமது பட்டியலில் ஒவ்வொரு சரக்கின் பழைய வரியும் ஏற்கெனவே இருக்கிறது. கவுன்சில் பட்டியலிலும் பழைய வரிக்கு ஒரு பத்தி இருக்கிறது. இரு தாளிலும் பழைய வரியை 12, 5, 18 என்று வெறும் எண்ணாக வைத்துக்கொண்டு (ஒன்றில் 12 என்றும் மற்றதில் 12% என்றும் இருந்தால் பொருந்தாது), & குறியால் ஒட்டினோம். சீஸும் பன்னீரும் பிரிந்துவிட்டன. பிஸ்கட் 1905-18 ஆகவும், நொறுக்கு வகை 1905-12 ஆகவும் தனித்தனியே நின்றன. சரக்கை முன்பே தவறான வரியில் பதிந்து வைத்திருந்த மூன்று இடங்களும் இதில் வெளிப்பட்டன. அது எதிர்பாராத லாபம்.

ஆனால் இந்த யுக்திக்கும் பிடிபடாதவை உண்டு. ரஸ்க்கின் எண் 1905, பழைய வரி 5. அதற்கு மாற்றமில்லை, இன்றும் 5தான். ஆனால் பீட்சா ரொட்டியும் 1905-5. ஆகவே ரஸ்க்குக்கு வரி இல்லை என்று விடை வந்தது. கை கழுவும் திரவ சோப்பும் அவ்வாறே. அதன் எண் 3401, பழைய வரி 18. குளியல் சோப்புக் கட்டிக்கும் அவையே. கட்டிக்கு மட்டும் 5 ஆகி, திரவத்துக்கு 18 அப்படியே நிற்கிறது. பட்டியலில் மாறியது மட்டும் இருப்பதால், திரவ சோப்புக்கு COUNTIF கூட 1 என்றுதான் சொல்கிறது. எண்ணை வைத்து எந்தச் சூத்திரமும் இதைப் பிரிக்க முடியாது.

இதற்கு நாம் செய்தது, விவரத்தையும் கூடவே கொண்டுவந்ததுதான். அதே VLOOKUPஇல் 5க்குப் பதிலாக 3 என்று போட்டால் அரசுப் பட்டியலில் உள்ள சரக்கு விவரம் வந்துவிடும். அதை நமது சரக்குப் பெயருக்குப் பக்கத்தில் வைத்து, வரி மாறியதாக வந்த சரக்குகளை மட்டும் ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்த்தோம். ‘ரஸ்க்’ என்பதற்கு எதிரே பீட்சா ரொட்டி என்று இருந்தால் படிக்கிறவனுக்கே சிரிப்பு வந்துவிடும். அறுநூறு சரக்கைக் கையால் பார்ப்பதற்குப் பதில் நூற்றுக்கும் சற்று அதிகமானவற்றைப் பார்த்தால் போதும் என்றாயிற்று. காலை காபிக்கு முன் தொடங்கி, கடை திறக்குமுன் முடிந்தது.

17.9.2025 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கையை நேரடியாக எக்செல்லாக மாற்றிய நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அதில் இருப்பது மத்திய வரியின் பங்கு மட்டும். ஆகவே 5 சதவீதச் சரக்குக்கு 2.5 என்றும், 18க்கு 9 என்றும் இருக்கும். அவர் 2.5ஐ அப்படியே முழு வரியாக ஏற்றிவிட்டார். நல்லவேளை, பில் போடும் சாஃப்ட்வேர் அப்படி ஒரு விகிதம் இல்லை என்று மறுத்துவிட்டது.

முழு அட்டவணையிலிருந்து வரியை எடுக்க நினைப்பவர்கள் அரிசியிலும் பருப்பிலும் கவனமாக இருக்க வேண்டும். 18.7.2022 முதல், 25 கிலோவும் அதற்குக் கீழும் உள்ள, முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டியதற்கு 5 சதவீதம். சில்லறையாக எடை போட்டுக் கொடுப்பதற்கு வரி இல்லை. இரண்டுக்கும் எண் ஒன்றே: துவரையானாலும் உளுந்தானாலும் 0713, அரிசி 1006. நமது சரக்குப் பட்டியலில் இப்போது எச்.எஸ்.என். பத்திக்குப் பக்கத்தில் நாமே ஒரு பத்தி வைத்திருக்கிறோம். மூட்டைக்கு 0713-மூ, பொட்டலத்துக்கு 0713-பொ, திரவ சோப்புக்கு 3401-தி, ரஸ்க்குக்கு 1905-ர என்று அதில் எழுதியிருக்கிறோம். வரிப் பட்டியலை மாற்றி வைக்கும்போது அதிலும் இதே குறியை ஒரு முறை எழுதிவிட்டால், அடுத்த முறை VLOOKUP அதைப் பிடித்தே போகும்.

திருத்திய பட்டியலைச் சாஃப்ட்வேரில் திரும்ப ஏற்றுவதற்காக சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தோம். சேமித்ததைச் சரிபார்க்கலாம் என்று எக்செல்லிலேயே மறுபடி திறந்து, மறுபடி சேமித்தால், தொலைந்த பூஜ்யமெல்லாம் திரும்பத் தொலைந்துவிடும். நோட்பேடில் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும்.